இல்லாத 5,000 ரூபா: ஒரு ரெமிட்டன்ஸ் அட்வைஸ் படத்திலிருந்து ஆறு இன்வொய்ஸ்களை மூடிய விதம்

எங்கள் அலுவலகம் கல்முனையில். மா அரைப்பதும் பொதி செய்வதும் சம்மாந்துறையில். பிட்டுக்கும் இடியப்பத்துக்குமான வறுத்த சிவப்பரிசி மாவைப் பெட்டி பெட்டியாகக் கொழும்பிலுள்ள ஒரு சுப்பர்மார்க்கட் நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் காசு போடுவதில்லை. மாதத்தில் ஒரு நாள் பல இன்வொய்ஸ்களுக்குச் சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் விழும். எந்த இன்வொய்ஸுக்கு எவ்வளவு, எதில் என்ன கழித்தார்கள் என்பது ரெமிட்டன்ஸ் அட்வைஸ் என்ற தாளில் இருக்கும். அந்தத் தாள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வரும். அவர்களுடைய அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருப்பதை எங்கள் விற்பனைப் பிரதிநிதி போனில் படமெடுத்து அனுப்புவார்.

இந்தப் படத்தை நாங்கள் நெடுநாளாகச் சரியாகப் படிக்கவில்லை. வங்கியில் விழுந்த தொகையை எடுத்து, பழைய இன்வொய்ஸிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு வருவோம். காசு தீரும் இடத்திலுள்ள இன்வொய்ஸில் ஒரு மீதி நிற்கும். அடுத்த மாதக் காசு வந்ததும் முதலில் அந்த மீதிக்குப் போகும், அப்புறம் அடுத்த இன்வொய்ஸ்களுக்கு. பேரேட்டின் மொத்த நிலுவையில் பெரிய பிழை தெரியாது. ஆனால் எந்த இன்வொய்ஸில் நிலுவை இருக்கிறது என்பது முழுக்கப் பொய்யாகிவிடும். வாடிக்கையாளர் தன் கணக்கில் முடித்துவிட்ட இன்வொய்ஸ் எங்கள் கணக்கில் திறந்திருக்கும். அவர் உண்மையில் பிடித்து வைத்திருக்கும் காசு எங்கள் கணக்கில் எங்குமே பெயரோடு இருக்காது.

ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்க வங்கி நிலுவை வயது அறிக்கை கேட்டபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. 90 நாளைக் கடந்த நிரலில் அந்த வாடிக்கையாளரின் பெயரில் ஒரு தொகை நின்றது. நான் கொழும்புக்குப் போன் போட்டு இன்வொய்ஸ் இலக்கத்தைச் சொன்னேன். "அது முழுதாகக் கட்டியாச்சு மிஸ், அட்வைஸைப் பாருங்க" என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. கேட்க வேண்டிய காசு வேறு இடத்தில் இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

அடுத்து வந்த கொடுப்பனவை இன்வொய்ஸ் வாரியாகப் பிரித்து மூடுவது என்று முடிவெடுத்தோம். இங்கே எழுதுவது அந்த ஒரு கொடுப்பனவைப் பற்றி.

வங்கியில் விழுந்தது 9,15,495.00 ரூபா

அந்தக் கொடுப்பனவு ஆறு இன்வொய்ஸ்களுக்கானது. எங்கள் பேரேட்டில் அவற்றின் மொத்தம் 9,67,500.00. வித்தியாசம் 52,005.00. பழைய முறையில் பதிந்திருந்தால் முதல் ஐந்து இன்வொய்ஸ்களும் மூடப்பட்டு, கடைசி இன்வொய்ஸான INV-2437 இல் 52,005 நிலுவையாக நின்றிருக்கும். அந்த இன்வொய்ஸில் வாடிக்கையாளர் ஒரு பிரச்சினையும் எழுப்பியிருக்கவில்லை.

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் கணினியில் திறந்து, அட்டவணைப் பகுதியை மட்டும் வெட்டி, சாய்வை நிமிர்த்தி, பெரிதாக்கி, டெசரக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தார். கட்டளை இவ்வளவுதான்:

```
tesseract advice.png advice -l eng --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்றால் படத்தை ஒரே சீரான எழுத்துத் தொகுதியாக எடுத்துக்கொள் என்று பொருள். அது இல்லாவிட்டால் மென்பொருள் நிரல்களைத் தனிப் பத்திகளாக நினைத்து, இன்வொய்ஸ் இலக்கங்களை ஒரு பக்கமும் தொகைகளை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துவிடக்கூடும். கடைசிப் பகுதி நிரல்களுக்கு இடையிலுள்ள வெளியைக் காப்பாற்றும். ஆறு வரிக்கு இதெல்லாம் தேவையா என்றால், கையால் தட்டச்சு செய்தாலும் பரவாயில்லை. அறுபது வரி வரும் மாதங்களில்தான் இது உதவும். கையால் அடித்தாலும் மென்பொருள் படித்தாலும் பிழை வரத்தான் செய்யும். பிழையின் வகைதான் வேறு. மனிதர் 1,568 ஐ 1,586 என்று இடம் மாற்றி அடிப்பார். பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைப் பழைய கணக்கப்பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். மென்பொருள் இடம் மாற்றாது. அது வடிவத்தில் ஏமாறும்.

காலை முழுக்க 5,000 ஐத் தேடியது

தம்பி எழுத்துகளை எக்செல்லுக்கு மாற்றி, ஒவ்வொரு இன்வொய்ஸின் மொத்தத்திலிருந்தும் கழிவுகளை எடுத்து நிகரத்தைத் தானே கணக்கிட்டார். எல்லாவற்றையும் கூட்டினால் 9,20,495 வந்தது. வங்கியில் இருப்பது 9,15,495.

"அக்கா, 5,000 ரூபா குறைச்சுப் போட்டிருக்காங்க" என்றார்.

தாளில் 5,000 என்று ஒரு கழிவு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். பழைய மாதத் தாள்களையும் புரட்டினார். வங்கிக் கட்டணமாக இருக்குமோ என்று வங்கிக்கும் போன் செய்தார். பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நான் உட்கார்ந்து முதலில் கேட்டது, தாளில் அச்சடித்திருக்கும் நிகர நிரல் எங்கே என்பதுதான். அதைத்தான் கணக்குப் போட்டால் வந்துவிடுமே என்று அவர் எடுக்கவில்லை.

பிழை பிடிபடாததற்குக் காரணம் அதுதான். நிகரத்தை நாமே கணக்கிட்டால் அது நம்முடைய தவறான வாசிப்பையே திருப்பிச் சொல்லும். தாளிலிருந்து தனியாக எடுத்தால்தான் அது சாட்சியாக நிற்கும். மென்பொருளின் மூல வெளியீட்டைத் திரும்பத் திறந்தோம். இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

```
INV-2426  212,800.00  6,384.00  17,980.00)  198,436.00
INV-2437  158,600.00  4,758.00              153,842.00
```

முதல் வரியைப் பாருங்கள். 2,12,800 இலிருந்து 6,384 உம் 17,980 உம் போனால் 1,88,436 வர வேண்டும். தாளில் 1,98,436. வித்தியாசம் சரியாக 10,000. அந்தத் தாளில் மூன்றாவது தொகை நிரல் 'ஏனைய சீராக்கங்கள்'. அதிலுள்ள தொகைகளை அவர்கள் அடைப்புக்குறிக்குள் அச்சிடுவார்கள். தாளில் இருந்தது (7,980.00). மங்கலான படத்தில் இடது அடைப்புக்குறி 1 ஆகிவிட்டது. வலது அடைப்புக்குறி மட்டும் அநாதையாக நின்றது. தம்பி அதைத் தூசு என்று நினைத்து அழித்திருந்தார். ஒற்றை அடைப்புக்குறி எங்கு கண்டாலும் அதன் ஜோடி ஓர் இலக்கமாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழித்துவிட்டால் தடயம் போய்விடும்.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடைப்புக்குறி இரண்டும் சரியாக வந்தாலும், (7,980.00) என்று எக்செல்லில் இட்டால் அது மறைத் தொகையாக மாறிவிடும். கழிவு நிரலில் மறைத் தொகை இருந்து, சூத்திரமும் கழித்தால், அது கூட்டலாகிப் போகும். பிழை 7,980 இன் இரு மடங்கு, அதாவது 15,960. அதனால் நாங்கள் கழிவுகளை எப்போதும் நேர்த் தொகையாகவே வைக்கிறோம்.

சரி, 10,000 பிழையைத் திருத்தினால் வித்தியாசம் 5,000 ஆக நிற்காது, 15,000 ஆகும். அச்சிட்ட நிகர நிரலைக் கூட்டிப் பார்த்தோம்: 9,30,495. வங்கி 9,15,495. உருண்டையாக 15,000. ஆகத் தம்பி தேடிய 5,000 எங்குமே இருக்கவில்லை. ஒரு பக்கம் 10,000 அதிகமாகக் கழித்த பிழையும், மறுபக்கம் 15,000 ரூபா கழிவை எடுக்காமல் விட்ட பிழையும் ஒன்றையொன்று தின்று மிச்சம் போட்டதுதான் அது. இரண்டும் தற்செயலாகச் சமமாக இருந்திருந்தால் மொத்தம் பொருந்தியிருக்கும், நாங்கள் தவறான கழிவோடு பதிந்துமிருப்போம். அதனால்தான் மொத்தத்தைப் பார்க்கும் முன் வரி வரியாகச் சரிபார்க்கச் சொல்கிறேன்.

உருண்டையான வித்தியாசம் வந்தால் இலக்கம் தப்பாக வாசிக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஒரு வரியே விடுபட்டிருக்கலாம். வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பொருந்திவிட்டதால் இரண்டாவதுதான் மிஞ்சியது. படத்தின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினோம். தாள் மடிந்த இடத்தில் கையின் நிழல் விழுந்திருந்தது. அதற்குள் ஒரு வரி மங்கலாகத் தெரிந்தது. பிரதிநிதிக்குப் போன் செய்து, அடிப்பகுதியை மட்டும் திரும்ப எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்தின் ஓரங்கள் கரையும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். வந்ததில் ஒரு டெபிட் நோட் தெளிவாக இருந்தது: DN-0773, காட்சிப்படுத்தல் கட்டணம், (15,000.00). அதன் கீழே கொடுப்பனவு மொத்தம் 915,495.00.

கூட்டலில் பிடிபடாத பிழை

இரண்டாவது வரியை இன்னும் சொல்லவில்லை. 1,58,600 இலிருந்து 4,758 போனால் 1,53,842. சரியாக இருக்கிறது. எல்லாக் கூட்டலும் பொருந்துகிறது. ஆனால் INV-2437 என்ற இலக்கம் அந்தப் பட்டியலில் இரண்டு முறை வந்திருந்தது. INV-2431 வரவே இல்லை. மெலிந்த எழுத்துருவில் 1 இன் தலைக்கோடு 7 ஆகத் தெரிந்திருக்கிறது.

இன்வொய்ஸ் இலக்கத்தில் வரும் பிழையை எந்தக் கூட்டலும் காட்டாது. பேரேட்டோடு ஒப்பிட்டால்தான் உறுதியாகத் தெரியும். அப்படியே பதிந்திருந்தால் 2437 இல் கொடுக்க வேண்டியதைவிட 1,58,600 கூடுதலாகக் கட்டியதாகவும், 2431 திறந்தபடியும் நின்றிருக்கும். இரண்டு மாதம் கழித்து 2431 ஐக் கேட்டு நான் திரும்பவும் கொழும்புக்குப் போன் செய்திருப்பேன். இப்போது இலக்கத்தை மட்டும் நம்பாமல், இலக்கமும் மொத்தத் தொகையும் சேர்ந்து பேரேட்டிலுள்ள நிலுவைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். A நிரலில் இலக்கம், B இல் மொத்தம், C இல் தள்ளுபடி, D இல் ஏனைய கழிவு, E இல் தாளிலிருந்து எடுத்த நிகரம் என்றும், பேரேட்டை Ledger என்ற ஷீட்டில் A இல் இலக்கம், C இல் நிலுவை என்றும் வைத்தால் மூன்று சூத்திரங்கள் போதும்:

```
=ROUND(B2-C2-D2-E2,2)
=COUNTIF(A:A,A2)
=SUMIFS(Ledger!C:C,Ledger!A:A,A2)-B2
```

முதலாவது 0 வர வேண்டும், இரண்டாவது 1, மூன்றாவது 0. மூன்றாவது 0 வராவிட்டால் எல்லாமே வாசிப்புப் பிழை என்று நினைக்கக் கூடாது. முன்பு பகுதிக் கொடுப்பனவு வந்த இன்வொய்ஸாக இருக்கலாம், அல்லது அவர்களுடைய எழுதுநர் இன்வொய்ஸ் இலக்கத்துக்குப் பதிலாக டெலிவரி நோட் இலக்கத்தை அடித்திருக்கலாம். படத்தைத் திரும்பப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு இன்வொய்ஸ் இருந்து இலக்கங்கள் மாறிப்போனால் இந்தச் சூத்திரங்களும் அதைக் காட்டாது.

திருத்திய பிறகு கிடைத்த அட்டவணை இது:

| இன்வொய்ஸ் | மொத்தம் | 3% தள்ளுபடி | ஏனைய கழிவு | நிகரம் |
|---|---|---|---|---|
| INV-2418 | 1,86,400.00 | 5,592.00 | | 1,80,808.00 |
| INV-2421 | 94,250.00 | 2,827.50 | | 91,422.50 |
| INV-2426 | 2,12,800.00 | 6,384.00 | 7,980.00 | 1,98,436.00 |
| INV-2431 | 1,58,600.00 | 4,758.00 | | 1,53,842.00 |
| INV-2433 | 73,950.00 | 2,218.50 | | 71,731.50 |
| INV-2437 | 2,41,500.00 | 7,245.00 | | 2,34,255.00 |
| DN-0773 | | | 15,000.00 | −15,000.00 |
| மொத்தம் | 9,67,500.00 | 29,025.00 | 22,980.00 | 9,15,495.00 |

கழித்தது சரியா?

வாசிப்பு முடிந்தது. அடுத்து ஒவ்வொரு கழிவையும் ஏற்பதா, மறுப்பதா என்று பார்க்க வேண்டும். அதற்கான விடை தாளில் இருக்காது. தாள் சொல்வது வாடிக்கையாளர் என்ன செய்தார் என்பதை மட்டும்.

7,980 என்பது ஒரு பெட்டி 1,330 ரூபா வீதம் ஆறு பெட்டிகள். டெலிவரி நோட் கோப்பை எடுத்தோம். 160 பெட்டி என்று அச்சிட்ட இடத்தைப் பேனாவால் வெட்டி 154 என்று எழுதி, அவர்களுடைய ஆள் கையெழுத்து வைத்திருந்தார். லொறி ஓட்டிய அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மகியங்கனைக்கு இங்கால நல்ல மழை, தார்ப்பாய் கிழிஞ்சு ஆறு பெட்டி நனைஞ்சிட்டு. திருப்பிக் கொண்டு வந்து ஸ்டோரில குடுத்தன்" என்றார். சம்மாந்துறை ஸ்டோர் புத்தகத்தில் ஆறு பெட்டி திரும்பி வந்த பதிவு இருந்தது. ஆக இதை ஏற்றோம். திரும்பிய பெட்டிகளுக்கு யாரும் கிரெடிட் நோட் போட்டிருக்கவில்லை. அந்தத் தாள் ஸ்டோரிலிருந்து கல்முனைக்கு வரவே இல்லை.

தள்ளுபடி 3 வீதம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட பொருளின் பெறுமதிக்குத்தான். INV-2426 இல் அவர்கள் எடுத்துக்கொண்டது 154 பெட்டி, அதாவது 2,04,820 ரூபா. அதற்கு 3 வீதம் 6,144.60. அவர்கள் 160 பெட்டிக்கும் கணக்குப் போட்டு 6,384 கழித்திருந்தார்கள். கூடுதல் 239.40. சின்னத் தொகைதான். ஆனால் இது அவர்களுடைய மென்பொருள் தள்ளுபடியை எந்த அடிப்படையில் கணக்கிடுகிறது என்பதைக் காட்டுகிறது. பொருள் குறையும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அதனால் இதை விட்டுக்கொடுக்காமல் எழுதி வைத்தோம்.

DN-0773 தான் உண்மையான பிணக்கு. காட்சிப்படுத்தல் கட்டணத்துக்கு எங்கள் எழுத்துமூல சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அப்படி ஒரு கடிதத்தை நாங்கள் கொடுக்கவில்லை. பிரதிநிதியிடம் கேட்டேன். கடையில் யாரோ வாய்ச்சொல்லாகக் கேட்டார்கள், தான் "ஹெட் ஆஃபீஸில் கேட்டுச் சொல்றேன்" என்றதோடு சரி என்றார்.

பதிந்த விதம்

9,15,495 ஐப் பற்றுச்சீட்டாகப் பதிந்து, ஆறு இன்வொய்ஸ்களுக்கும் உரியபடி ஒதுக்கினோம். தள்ளுபடிக்கு 28,785.60 இற்கு ஒரு கிரெடிட் நோட். அது 29,025 இலிருந்து 239.40 போக மிஞ்சிய தொகை. திரும்பிய ஆறு பெட்டிக்கு 7,980 இற்கு இன்னொரு கிரெடிட் நோட், ஸ்டோர் பதிவின் இலக்கத்தோடு. எங்கள் இன்வொய்ஸ்களில் வற் இல்லை. வற் உள்ளவர்கள் கிரெடிட் நோட்டில் வரியையும் தனியே குறைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மூன்றும் சேர்ந்து 9,52,260.60. இன்னும் 15,239.40 மிஞ்சுகிறது. முன்பானால் இதை ஏதோ ஓர் இன்வொய்ஸின் வாலாக விட்டிருப்போம். இந்தமுறை ஒரு ஜேர்னல் பதிவு போட்டு, அந்தத் தொகையால் இன்வொய்ஸ்களை முழுதாக மூடி, அதே தொகையை அதே வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு புதிய உருப்படிகளாகத் திறந்தோம். ஒன்று CLM-DN0773, 15,000.00. மற்றது CLM-2426R, 239.40. வாடிக்கையாளரின் மொத்த நிலுவையில் இதனால் ஒரு சதமும் மாறாது. நிலுவை எதற்கானது என்பது மட்டும் மாறுகிறது. வயது அறிக்கையில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: புதிய உருப்படிக்கு அன்றைய திகதியைக் கொடுத்தால் பழைய கடன் இளமையாகிவிடும். வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கையில் அது சரியல்ல. 239.40 இற்கு INV-2426 இன் திகதியைக் கொடுத்தோம். 15,000 எந்த இன்வொய்ஸுக்கும் உரியதல்ல என்பதால் அதற்குக் கொடுப்பனவுத் திகதி.

அன்று மாலையே கொழும்புக்கு ஒரு மின்னஞ்சல் போனது. இந்தமுறை எந்த இன்வொய்ஸையும் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை. DN-0773 இற்கான எங்கள் சம்மதக் கடிதத்தின் பிரதியைக் கேட்டோம். 154 பெட்டிக்குக் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டை இணைத்து, 239.40 எப்படி வந்தது என்று மூன்று வரியில் எழுதினோம். 239.40 அடுத்த அட்வைஸில் கூட்டல் வரியாகத் திரும்பி வந்தது. டெபிட் நோட் பற்றி வாங்கும் பிரிவைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் எழுதியிருந்தார்கள். CLM-DN0773 இதை எழுதும்போதும் திறந்துதான் இருக்கிறது. ஆறு இன்வொய்ஸ்களில் எதையும் கட்டச் சொல்லி அவர்களோடு பேச வேண்டியிருக்கவில்லை.